பாறசாலையா, பூவாரா: ஒரு டீக்கடைக் கதையை எழுதும் வழி

டீக்கடையில் வேலை செய்யும் ஒருவன் விடாமல் முயன்று புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். இப்படி ஒரு சிறுகதையோடு என்னிடம் வருகிறவர்கள் பலர். வாங்கிப் படித்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் கதை படுத்துவிடுகிறது. முதல் பக்கத்தில் கடையும் நீராவியும் கண்ணாடி கிளாஸும் நன்றாகவே வந்திருக்கும். மூன்றாம் பக்கத்தில் ‘மாதங்கள் உருண்டோடின, அவன் மட்டும் விடவில்லை’ என்று ஒரு வரி. நான்காம் பக்கத்தில் ஆள் தேர்ந்துவிடுவான். எழுத வேண்டிய கதை முழுவதும் அந்த ஒற்றை வரிக்குள் கிடக்கும்.

நானும் இதைச் செய்தவன்தான். என் முதல் கதையில் மார்த்தாண்டம் டீக்கடை ஒன்றின் பையன் கணினி கற்றான். எனக்கே அப்போது கணினி தெரியாது. அனுப்பிய பத்திரிகையிலிருந்து திரும்பி வந்த தாளின் ஓரத்தில், ‘இவன் எங்கே தடுமாறினான்?’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. அந்தக் கேள்வியிலிருந்தே இந்த வழிமுறையைத் தொடங்குகிறேன். பொதுவாகச் சொன்னால் விளங்காது என்பதால், ஒரு கதையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கட்டிப் பார்ப்போம்.

முதலில் வித்தை, பிறகு ஆள்

புதியவர்கள் ஆளை முதலில் யோசிக்கிறார்கள். ஏழை, நல்லவன், தாய்க்கு மருந்து வாங்க வேண்டும். இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் கற்கப்போவது என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். அது உங்களுக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். டீக்கடையில் நின்றபடியே அதைக் கற்க முடிய வேண்டும். அதில் செய்யும் பிழை இன்னொருவரைப் பாதிக்க வேண்டும். மூன்றாவது தகுதி இல்லாவிட்டால் கதைக்குள் பதற்றமே வராது.

நம் குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் களியக்காவிளை இருக்கிறது. அதைத் தாண்டினால் கேரளம். அங்கே பஸ் வந்து திரும்பும் இடத்தருகே ஒரு டீக்கடையை வைத்துக்கொள்வோம். நம் ஆள் மலையாள எழுத்து படிக்கக் கற்கிறான். மூன்று தகுதிகளும் வந்துவிடுகின்றன. எனக்கு அந்த எழுத்து தெரியும். பாடப்புத்தகம் பஸ்ஸின் நெற்றியில் பலகையாகத் தொங்குகிறது. தவறாகப் படித்துச் சொன்னால் யாரோ ஒருவர் வேறு ஊரில் போய் இறங்குவார்.

ஆளை இப்போது சேர்க்கலாம். அவன் உள்ளூர்க்காரனாக இருந்தால் யாரிடமிருந்தாவது முன்பே கற்றிருப்பான். எனவே மாவட்டத்தின் கிழக்குக் கோடியிலிருந்து கொண்டுவருவோம். ஆரல்வாய்மொழிக்காரன், பெயர் இசக்கிமுத்து, வயது பத்தொன்பது. (சிறுவனாக வைக்காதீர்கள். வைத்தால் படிக்கிறவர் மனம் ‘இவன் ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை’ என்ற கேள்விக்குப் போய்விடும். அது நல்ல கதைதான், ஆனால் வேறு கதை.) தமிழ் நன்றாகப் படிப்பான். இங்கே வந்தபின் ‘சாயா’, ‘கட்டன்’, ‘அடிக்காத சாயா’ எல்லாம் காதுக்குப் பழகிவிட்டன. பேச்சு புரிகிறது, எழுத்து புரியவில்லை.

காலத்தையும் குறித்துவிடுங்கள். இன்றைய களியக்காவிளையில் ஒரு கைப்பேசி அந்தப் பலகையை ஒரு நொடியில் படித்துவிடும், கதை விழுந்துவிடும். நான் 1994 என்று வைக்கிறேன். தகரப் பலகையில் தூரிகையால் எழுதிய ஊர்ப்பெயர்களின் காலம். ஆண்டைக் கதையில் எழுத வேண்டிய தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பிழைகளின் பட்டியல்

இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுக்கும் வேலை. கதையை எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில், அவன் என்னென்ன பிழை செய்வான் என்று வரிசையாக எழுதுங்கள். அவன் அடையும் வெற்றிகளின் பட்டியல் தேவையே இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். ஒரு பிழையைத் திருத்திக்கொண்டதாலேயே அடுத்த பிழை பிறந்தால் இன்னும் நல்லது. இசக்கிமுத்துவுக்கு நான் போட்ட பட்டியலைச் சொல்கிறேன்.

முதல் பிழை: அவன் எழுத்தைப் படிக்காமல் உருவத்தை மனப்பாடம் செய்கிறான். யாரோ பாறசாலைப் பலகையைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மலையாள ‘ப’ ஒரு சுருண்ட எழுத்து. அதன் பிறகு ஒரு கால் நிற்கிறது, நம் ‘பா’வில் நிற்கும் அதே கால்தான், உருவம்கூட ஏறத்தாழ ஒன்று. ‘சுருண்ட எழுத்து, கூடவே ஒரு கால். இது பாறசாலை’ என்று வைத்துக்கொள்கிறான். ஒரு நாள் ஒரு அம்மா பாறசாலை வண்டி எது என்று கேட்கிறார். இவன் பார்க்கிறான். சுருண்ட எழுத்து இருக்கிறது, கால் இருக்கிறது. ‘அதுதான், ஏறுங்கள்’ என்கிறான். அது பூவார் வண்டி. பூவாரும் ‘ப’வில்தான் தொடங்குகிறது. அதிலும் ஒரு கால் உண்டு, ஆனால் இரண்டாவது எழுத்தான ‘வா’வில். பாறசாலை களியக்காவிளையிலிருந்து கூப்பிடு தூரம். பூவாரோ கடற்கரை. மாலையில் அந்த அம்மா கடைக்கு முன் திரும்பி வந்து நிற்கிறார். திட்டவில்லை. ‘நீ படித்துத்தான் சொன்னாயா, தம்பி?’ என்று மட்டும் கேட்கிறார்.

இந்தக் கேள்விதான் கதையின் முதல் தள்ளு. ‘கற்றே தீருவேன் என்று அவன் உறுதி பூண்டான்’ என்று இதன்பின் ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். அடுத்த நாள் காலையில் அவன் கிளாஸ் கழுவும் இடத்தைப் பலகை தெரியும் பக்கமாக நகர்த்திப் போட்டான் என்று எழுதினால் போதும்.

இரண்டாம் பிழை: இப்போது அவன் எழுத்தெழுத்தாகப் படிக்க முயல்கிறான். ஆனால் தமிழ்க் காதோடு படிக்கிறான். நமக்குப் பாறசாலை, அதனால் கடைசியில் ‘லை’ இருக்க வேண்டும் என்று தேடுகிறான். மலையாளத்தில் அது ‘பாறஶ்ஶால’. ஐகாரம் இல்லை, வெறும் ‘ல’வோடு முடிகிறது. இல்லாத குறியை இருக்கும் எழுத்துகளில் தேடுவதால் ‘ல’வையே ‘லை’ என்று கற்றுக்கொள்கிறான். இந்தப் பிழை பல நாள் வெளியே தெரியாது. பிறகு வேறொரு சொல்லில் ‘ல’ வரும்போது எல்லாம் குழம்பும். பிழையை இப்படி உடனே வெடிக்கவிடாமல் புதைத்து வைத்தால் கதைக்கு உள்ளோட்டம் கிடைக்கும்.

மூன்றாம் பிழை புள்ளியைப் பற்றியது. தமிழில் மெய்யெழுத்து என்றால் தலையில் புள்ளி, அத்தோடு முடிந்தது. மலையாளத்தில் அப்படி ஒரே வழி கிடையாது. திருவனந்தபுரத்தின் கடைசி ‘ம்’ ஒரு சிறிய வட்டம், பூஜ்யம் போல் இருக்கும். பூவாரின் ‘ர்’ மேல்நோக்கி வால் இழுத்த தனி எழுத்து. வேறு இடங்களில் தலைக்கு மேல் பிறை போல ஒரு குறி, அதற்குச் சந்திரக்கலை என்று பெயர். இரட்டிக்கும் எழுத்துகளோ ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருவமாகிவிடும். இசக்கிமுத்து ஊர்ப்பெயரின் கடைசியில் நிற்கும் வட்டத்தைப் பஸ் எண்ணின் பகுதி என்று எண்ணிக்கொள்கிறான். வண்டிக்கு வண்டி எண் மாறுகிறது, பூஜ்யம் மட்டும் மாறாமல் நிற்கிறது. அது எண் இல்லை என்று அவனுக்கு எப்போது தோன்றும்? இந்த இடத்தை நீங்கள் எழுதிப் பாருங்கள். அரைப் பக்கம் வரும்.

மூன்று போதும். பட்டியலில் ஏழெட்டு இருந்தாலும் சிறுகதை மூன்றைத்தான் தாங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பிழைகள் ஊர்ப்பெயர்களோடு நிற்கின்றன. அது தற்செயலல்ல. தமிழில் ஒரு ‘க’ இருக்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு உண்டு. ச, ட, த, ப வரிசைகளும் அப்படித்தான். ஆனால் எல்லைப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் பெரும்பாலும் நமக்குப் பழகிய ஒலிகளே வருகின்றன. திருவனந்தபுரம் என்று எழுத, கூடுதலாக உள்ள அந்த வர்க்க எழுத்துகளில் ஒன்றுகூட வேண்டாம். பாறசாலையில் வரும் ‘ஶ’ மட்டும் புதிது. ஆகப் பலகை எளிய பாடம், செய்தித்தாள் கடினமான பாடம். வித்தைக்கு உள்ளேயே இப்படி ஒரு ஏணி இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் கதையின் வளர்ச்சியை நீங்கள் செயற்கையாகக் கட்ட வேண்டியதில்லை.

நேரம் எங்கிருந்து வருகிறது

டீக்கடைத் தொழிலாளிக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று கிடையாது. ‘இரவில் விளக்கொளியில் படித்தான்’ என்று எழுதினால், அதிகாலையில் கடை திறப்பவன் எப்போது தூங்கினான் என்று எனக்குச் சந்தேகம் வரும். வேலைக்குள்ளேயே விரிசல் தேடுங்கள்.

நம் கதையில் விரிசலைப் பஸ்ஸே தருகிறது. வண்டி வந்து நிற்கிறது. நடத்துநர் சாயா குடிக்கிறார். கிளம்பும் முன் பலகையை மாற்றுகிறார். வரும்போது ‘களியிக்காவிள’ என்று இருந்தது, போகும்போது வேறு ஊர். பலகை கண்ணில் படும் அந்தச் சில நிமிடம்தான் வகுப்பு. மணி அடித்தால் பாடப்புத்தகம் புறப்பட்டுப் போய்விடும். அதற்குள் இவன் எத்தனை கிளாஸ் கழுவ வேண்டும், முதலாளி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் தாமாகவே கதைக்குள் வரும்.

சமோவரையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பழைய கடைகளில் சமோவரின் அடியில் ஒரு காசைப் போட்டு வைப்பார்கள். தண்ணீர் கொதிக்கும்போது காசு துள்ளிக் கடகடக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, அல்லது கனல் தணிந்துவிட்டது. காதால் அடுப்பைக் கவனித்துக்கொண்டே கண்ணால் பலகையைப் படிக்க அவனால் முடியும். ஒரு நாள் எழுத்தில் மூழ்கிக் காசு நின்றதைக் கேட்காமல் போகலாம். நீராவி, மணம், சிவந்த கனல் என்று அடுக்குவதைவிட இந்த ஒரு காசு உங்கள் கடையை நம்ப வைக்கும்.

மாதக்கணக்கைச் சொல்ல நாட்காட்டியைத் தேடாதீர்கள். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி ஒன்று, ஐப்பசியில் துலா மழை ஒன்று. முதல் மழையில் பலகை நனைந்து எழுத்து தெரியவில்லை என்று எரிச்சல்படுகிறவன், இரண்டாம் மழையில் பாதி எழுத்து மறைந்த பலகையை மிச்சத்தை வைத்தே படித்துவிடுகிறான். இடையில் எத்தனை மாதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவன் வளர்ந்ததும் அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும்.

ஆசிரியர் வேண்டுமா?

வேண்டும், ஆனால் அரைகுறையாக. எல்லாம் தெரிந்த குரு வந்துவிட்டால் கதை அவருடையதாகிவிடும்.

நம் மண்ணே இதற்கு ஓர் ஆளைத் தருகிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தவை. அதற்கு முன் விளவங்கோடு பக்கம் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்து வளர்ந்தவர்கள் 1994-இல் ஐம்பதையோ அறுபதையோ தாண்டியிருப்பார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பத்திரிகை மட்டும் மலையாளத்தில் படிப்பார்கள். அப்படி ஒருவரைப் பெஞ்சில் உட்கார வையுங்கள். ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர். இசக்கிமுத்து அவரைப் ‘பாட்டா’ என்கிறான். அவர் இவனை ‘மக்களே’ என்கிறார்.

அவருடைய குறை என்ன? கேரளத்தில் 1971-இல் மலையாள எழுத்தைச் சீர்திருத்தினார்கள். உகரக் குறி முன்பு மெய்யோடு ஒட்டிக் கூட்டுருவமாக இருந்தது. சீர்திருத்தத்தில் அதைப் பிரித்துத் தனிக் குறியாக்கினார்கள். பாட்டா படித்தது பழைய எழுத்து. ‘ரு’ என்று அவர் எழுதிக் காட்டுவது ஒன்று, புதிய முறையில் எழுதிய திருவனந்தபுரம் பலகையில் இருப்பது இன்னொன்று. பலகை எழுதுபவர்களிலும் பழைய கை உண்டு, புதிய கை உண்டு. ஆகவே ஒரே ஊர் இரண்டு வண்டியில் இரண்டு விதமாக நிற்கிறது. இசக்கிமுத்து தான் தவறாகக் கற்றுவிட்டதாக நினைத்துப் பின்வாங்குகிறான். உண்மையில் அவன் செய்தது சரி.

கதையின் நடுவே இப்படிச் சரியாகச் செய்தும் சோர்ந்துபோகும் ஓரிடம் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. பிழை செய்து திருந்துவது மட்டுமே கதை முழுக்க நடந்தால் பள்ளிப் பாடம் போல் ஆகிவிடும்.

அந்த இடத்தை நான் எழுதிப் பார்த்தது இது:

பாட்டா பெஞ்சில் சிந்தியிருந்த சாயாவில் விரலைத் தொட்டு எழுதினார். இசக்கிமுத்து பலகையைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான்.

“பாட்டா, அதில் இப்படி இல்லை.”

“இதுதான் ரு, மக்களே. நான் நாற்பது வருஷமாக இதைத்தான் வாசிக்கிறேன்.”

“அப்படியானால் அது என்ன?”

பாட்டா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். வண்டி உறுமியது. நடத்துநர் கிளாஸை வைத்துவிட்டு ஓடினார். பாட்டா திரும்பியபோது பெஞ்சில் எழுதியதை இசக்கிமுத்து துணியால் துடைத்திருந்தான்.

இதில் அவன் மனநிலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. துணி அதைச் சொல்லிவிடுகிறது. முதல் வரைவில் ‘அவனுக்கு அழுகை வந்தது’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

பூட்டுக்குச் சாவி

திருப்பத்தை வெளியிலிருந்து கொண்டுவராதீர்கள். பணக்கார வாடிக்கையாளர் புத்தகம் வாங்கித் தருவது, மலையாள ஆசிரியை ஒருவர் அந்தப் பக்கம் குடிவருவது எல்லாம் எழுதுகிறவருக்கு வசதி, படிக்கிறவருக்கு அலுப்பு. முதல் பக்கத்திலிருந்தே கண்முன் இருந்த ஒரு பொருளில் திருப்பம் இருக்கட்டும்.

இசக்கிமுத்துவுக்கு அது களியக்காவிளைப் பலகை. இந்த ஊருக்கு வந்து சேரும் வண்டிகளில் தினமும் தொங்குவது. தான் நிற்கும் ஊரின் பெயர் என்பதால் அதைப் படிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. ஒரு மழை நாளில் வண்டி தாமதமாகிறது, பலகை வழக்கத்தைவிட நேரம் நிற்கிறது. அந்தச் சொல்லின் ஒலி அவனுக்குத் தெரியும். ஒலி தெரிந்தால் உருவத்தைக் கழற்றிப் பார்க்கலாம். முதல் எழுத்து க. பிறகு ளி. நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்பது க்கா, அதாவது இரட்டிப்பு இப்படித்தான் இருக்கும். அடுத்தது வி. கொக்கியை எடுத்துவிட்டால் வ. கடைசியில் ‘ளை’ இல்லை, வெறும் ‘ள’தான். அப்படியானால் பாறசாலையின் முடிவில் நிற்பதும் வெறும் ‘ல’. இரண்டாம் பிழை இங்கே அவிழ்கிறது. கையில் கிடைத்த ‘வ’வைக் கொண்டுபோய் அந்த அம்மாவை அலைக்கழித்த பூவார் பலகையில் வைத்துப் பார்க்கிறான். இரண்டாம் எழுத்து அதேதான். முதல் பிழையும் இங்கேயே முடிகிறது.

இதை மெதுவாக எழுதுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் ஒரு கிளாஸ் கழுவட்டும். மலையாளம் தெரியாத வாசகரும் அவனோடு சேர்ந்து கழற்ற வேண்டும். ஆகவே எழுத்தின் வடிவத்தைச் சொற்களால் காட்டுங்கள்: கால், கொக்கி, வட்டம், வால். முடித்த பிறகு மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் இந்தப் பகுதியை மட்டுமாவது காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வித்தையைப் பற்றிய ஒரு தகவல் தவறினால் கதை முழுவதையும் வாசகர் சந்தேகிப்பார்.

எங்கே நிறுத்துவது

அவன் நடத்துநர் ஆவது, கேரளத்தில் வேலை கிடைப்பது, முதலாளி கண்கலங்குவது ஆகிய மூன்றையும் விலக்குங்கள். அந்த அம்மா திரும்ப வந்து பாராட்டுவதும் வேண்டாம். அவர் வரலாம். வந்தால் வேறு யாரிடமோ வண்டி கேட்கட்டும், இவனிடம் கேட்க அவருக்குத் தைரியம் இருக்காது.

என் வரைவின் முடிவு இது. துலா மழை. பாட்டாவின் கண்ணாடி உடைந்திருக்கிறது. பத்திரிகையை இசக்கிமுத்துவிடம் நீட்டுகிறார். அவன் தலைப்பைப் படிக்கத் தொடங்குகிறான். முதல் சொல் வருகிறது, இரண்டாவதும் வருகிறது. மூன்றாவதில் பலகைகளில் பார்த்தே இராத ஓர் எழுத்து, தமிழில் இல்லாத வர்க்க எழுத்து. நிற்கிறான். பாட்டா சொல்லிக் கொடுக்கவில்லை, காத்திருக்கிறார். சமோவரில் காசு நிற்கிறது. இவன் பத்திரிகையைக் கீழே வைக்காமலேயே எழுந்து தண்ணீர் ஊற்றப் போகிறான். அங்கே முடித்துவிட்டேன்.

முதல் வரைவு எட்டுப் பக்கம் வரும். அதில் ‘விடாமுயற்சி’, ‘உழைப்பு’, ‘கனவு’ என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் கோடிட்டு, அந்த வாக்கியங்களை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மீதி ஆறு பக்கம் நிற்கும். அதை ஒரு வாரம் கழித்து உரக்கப் படித்துப் பாருங்கள், முடிந்தால் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து.